சனிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்தால்

மருத்துவக் காப்பீட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வருகிறது. அடுத்த மாதம் முதல் காகிதப் படிவம் கிடையாது, க்ளெய்ம் தகவலை இணையதளத்தில்தான் பதிய வேண்டும். ஐந்து படிகள், ஓர் உதவி எண். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமை பகல் 1.30 வரை. படித்துவிட்டுப் பாலிசிக் கவருக்குள் செருகிவிடுவோம். அந்தப் பொடி எழுத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். இங்கே பதிவது பணம் கேட்கும் மனு அல்ல. 'இன்னாரை இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்' என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். இதை இன்டிமேஷன் என்பார்கள். நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் கேட்டால் அங்குள்ள இன்சூரன்ஸ் டெஸ்க்கே முன் அனுமதிக்கு எழுதிவிடும். நாமே பணம் கட்டிவிட்டுத் திரும்பப் பெறும்போதுதான் தகவல் சொல்வது நம் தலையில் விழுகிறது. அவசர சிகிச்சை என்றால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள் சொல்லச் சொல்கின்றன பல பாலிசிகள். உங்கள் பாலிசியில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். மாமனாருக்குச் சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்குக் கடுமையான வயிற்றுவலி. பக்கத்தில் இருக்கும், நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்க்கிறீர்கள். குடல்வால் அழற்சி, காலையில் ஆபரேஷன். உங்களுக்கான கெடு ஞாயிறு ராத்திரி 11 மணிக்கு முடிகிறது. அந்த 24 மணி நேரத்தில் உதவி எண்ணில் எடுக்க ஆளே இல்லை. காகிதக் காலத்தில் ஏஜென்ட் திங்கட்கிழமை படிவத்தைக் கொடுத்து முத்திரை வாங்கியிருப்பார், தேதியும் திங்கள்தான். இணையதளமோ ராத்திரியும் திறந்திருக்கிறது, பதிந்த நிமிடத்தைத் தானே குறித்துக்கொள்கிறது. இந்த மாற்றத்தில் நமக்கு உண்மையான லாபம் இதுதான்.

ஆனால் உள்ளே நுழைய ஓ.டி.பி. வேண்டும், அது பாலிசியில் பதிவான கைபேசிக்குத்தான் போகும். பலருடைய பாலிசியில் அந்த இடத்தில் ஏஜென்ட்டின் எண்ணே இருக்கும். படிவம் நிரப்பிய நாளில் வசதிக்காக அவர் போட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் சுற்றறிக்கை வந்த அன்றே ஒரு முறை உள்ளே நுழைந்து பாருங்கள். ஓ.டி.பி. உங்கள் கைபேசிக்கு வராவிட்டால் எண்ணை மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள். அதற்கு நாள் பிடிக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிற காரியமில்லை.

உள்ளே போனபின் கேட்பது கொஞ்சம்தான்: பாலிசி எண், நோயாளியின் கார்டு எண், ஆஸ்பத்திரி பெயர், சேர்த்த தேதியும் நேரமும், நோய் என்ன என்பது. தேதிக் கட்டத்தில் பதிகிற நாளைப் போட்டுவிடுவது வழக்கமான தவறு. பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு தேதி இருக்க, விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நோய்க் கட்டத்தில் டாக்டர் சேர்க்கைச் சீட்டில் எழுதியதை அப்படியே எழுதுங்கள், தெரியாவிட்டால் 'வயிற்றுவலி, பரிசோதனையில்' போதும். பதற்றத்தில் 'ஆறு மாசமாகவே கேஸ் தொல்லை' என்று நாமாக ஒரு கதை சேர்த்தால், பாலிசிக்கு முந்தைய நோயோ என்ற கேள்வி அங்கிருந்துதான் முளைக்கும். மறைக்கச் சொல்லவில்லை, நோயை முடிவுசெய்வது டாக்டர் வேலை என்கிறேன்.

கடைசியில் திரையில் ஒரு எண் வரும். அது வந்தால்தான் தகவல் போய்ச் சேர்ந்தது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணையம் கிடைக்காத இடமென்றால், கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம், பெரும்பாலும் அது 24 மணி நேரமும் இயங்கும். அங்கேயும் எண் கேட்டு வாங்குங்கள்.

காகிதம் இத்தோடு ஒழிந்தது என்று நினைத்து ஒரிஜினல் பில்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சுற்றறிக்கை நிறுத்தியிருப்பது தகவல் படிவத்தை மட்டும். பில்கள், ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் டிஸ்சார்ஜுக்குப் பின் பாலிசி சொல்லும் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தாமதமாகிவிட்டால்? தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமான நியாயமான க்ளெய்மை, தாமதத்தை மட்டும் காட்டி நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. காரணம் நம்பும்படி இருக்க வேண்டும். ஞாயிறு காலை ஆபரேஷன், கூட இருந்தது ஒரே ஆள், ஓ.டி.பி. வேறு எண்ணுக்குப் போனது என்று நடந்ததை நடந்தபடி அரைப் பக்கத்தில் எழுதி, பில்களோடு வையுங்கள்.