ஐந்து வரியில் சந்தையின் நாடி

திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் தூக்கம் வராது. எனக்கு வரவில்லை! பங்குச் சந்தை அமைதியாக இருக்கிறதா, கொந்தளிக்கிறதா என்று ஒவ்வொரு மாலையும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்களின் பூட்டிய அறைக்குள்தான் அது இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஜேம்ஸ் ஹாமில்டன் 1989-இல் அமெரிக்கப் பொருளாதாரத்தின் வளர்ச்சியையும் தேக்கத்தையும் பிரித்தறிய எழுதிய வழிதான் அது. அதையே சந்தையின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருத்தினால், உள்ளே ஓடும் இயந்திரம் இவ்வளவுதான்:

```python
from math import exp
def step(p, r):
    q = 0.95*p + 0.01*(1-p)
    t = q * exp(-0.5*(r/2.2)**2) / 2.2
    c = (1-q) * exp(-0.5*(r/0.7)**2) / 0.7
    return t / (t + c)
```

மேலே உள்ள இறக்குமதி வரியை விட்டுவிட்டால் ஐந்தே வரி. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்ப்போம், வாருங்கள்.

சந்தைக்கு இரண்டே நிலைகள் என்று வைத்துக்கொள்கிறோம். அமைதி நிலையில் ஒரு நாள் மாற்றத்தின் திட்ட விலக்கம் 0.7 சதவீதம், கொந்தளிப்பில் 2.2 சதவீதம். இவை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை மனதில் வைத்து நான் தோராயமாக எடுத்துக்கொண்ட எண்கள். எந்த நிலை நடக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிவது அன்றைய மாற்றமான `r` மட்டுமே. நேற்றிரவு நாம் வைத்திருந்த கொந்தளிப்பின் நிகழ்தகவு `p`.

அந்த ஐந்தில் இரண்டாவது வரியில் இருக்கும் `q`தான் எனக்கு உயிர். இன்றைய விலையைப் பார்ப்பதற்கு முன்பே அது ஒரு கணிப்பைச் சொல்லிவிடுகிறது. நேற்று கொந்தளிப்பு என்றால் இன்றும் தொடர 95 சதவீத வாய்ப்பு, நேற்று அமைதி என்றால் இன்று உடைய 1 சதவீத வாய்ப்பு. அப்படியானால் ஓர் அமைதிக் காலம் சராசரியாக 100 வர்த்தக நாள்கள் நீடிக்கும், கொந்தளிப்பு 20 நாள்கள். சந்தையின் மனநிலை சட்டென்று மாறுவதில்லை என்ற நம் அனுபவம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிட்டது! அடுத்த இரண்டு வரிகள், இன்றைய மாற்றம் எந்த நிலைக்கு இயல்பாகப் பொருந்துகிறது என்று எடை போடுகின்றன. கடைசி வரி பங்கு பிரிக்கிறது.

இப்போது 2020 பிப்ரவரிக்குப் போவோம். 19-ஆம் தேதி குறியீடு அதுவரை காணாத உச்சத்தில் முடிந்தது. அன்று கொந்தளிப்பின் வாய்ப்பு 2 சதவீதம் என்று தொடங்குகிறேன். 20-ஆம் தேதி 0.38 சதவீதம் இறக்கம். விடை 1.1 சதவீதம், அதாவது நிம்மதி கூடுகிறது. 21, வெள்ளிக்கிழமை, 1.05 சதவீதம் இறக்கம். விடை 1.8 சதவீதம். கணக்கு இன்னும் அசையவில்லை.

திங்கள்கிழமை, 24-ஆம் தேதி, 3.35 சதவீதம் விழுந்தது. `step` என்ன சொல்கிறது தெரியுமா? 99.6 சதவீதம்! ஒரே நாளில்! முதல்முறை இதைக் கண்டபோது ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து மறுபடி கையால் போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை. அமைதி நிலையில் 3.35 என்பது திட்ட விலக்கத்தைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அப்படி ஒரு நாள் அமைதியில் வருவதைவிடக் கொந்தளிப்பில் வருவது 9,000 மடங்குக்கும் மேல் இயல்பானது. அமைதி மீது முன்பிருந்த நம்பிக்கை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த எடைக்கு முன் நிற்காது.

25-ஆம் தேதி மீண்டும் 3.03 சதவீதம் விழுந்தது, விடை 100-ஐத் தொட்டது. 26-ஆம் தேதி வெறும் 0.38 சதவீதம் இறக்கம். அப்பாடா என்று பலரும் மூச்சு விட்டிருக்கக்கூடிய நாள். கணக்கோ 87 சதவீதத்திலேயே நின்றது. கொந்தளிப்புக்குள்ளும் சாதுவான நாள் வரும் என்று அதற்குத் தெரியும். மறுநாள் 4.42 சதவீதம் சரிந்தது.

இந்த எண்ணை வைத்து அன்றாடப் பழக்கத்தை மாற்றுவதற்கு எனக்குப் பிடித்த விதி எளியது. 80 சதவீதத்தைத் தாண்டினால் கொந்தளிப்பு நடைமுறை, 20-க்குக் கீழே இறங்கினால் மட்டுமே அமைதி நடைமுறை. 50 என்று ஒரே கோடு போட்டால், விடை கோட்டைச் சுற்றி ஆடும்போதெல்லாம் வாங்கி விற்றுத் தரகுக் கட்டணத்திலேயே கரைந்துபோவோம். இரண்டு கோடுகள் இருந்தால் திரும்பி வருவதற்குப் பொறுமை தேவைப்படுகிறது: தினம் 0.4 சதவீத அசைவுள்ள நாள்கள் வரிசையாக நான்கு வந்தால்தான் விடை 100-இலிருந்து 17-க்கு இறங்குகிறது.

கொந்தளிப்பு நடைமுறையில் முதலில் மாறுவது அளவு. 100 பங்கு வைத்திருக்கும் இடத்தில் 32 பங்கு, ஏனென்றால் 0.7-ஐ 2.2-ஆல் வகுத்தால் 0.32. ஒரு நாளில் தாங்கும் பண அசைவு அப்போது இரண்டு நிலையிலும் ஒன்றாகிறது. அடுத்தது ஸ்டாப் லாஸ். முந்தைய நாள் விலைக்கு 2 சதவீதம் கீழே அதை வைப்பவருக்கு, அமைதியில் நாள் முடிவு அதற்குக் கீழே போவது சுமார் 470 நாளில் ஒருமுறை. கொந்தளிப்பில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை! அதே இடத்தில் விட்டுவைத்தால், எந்தச் செய்தியும் இல்லாமலே சந்தையின் சாதாரண மூச்சு நம்மை வெளியே தள்ளிவிடும். மார்க்கெட் ஆர்டரையும் அந்த நாள்களில் நிறுத்திவிட வேண்டும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகன்றுவிடுவதால்.

பொய் எச்சரிக்கை வராதா? 2 சதவீத அசைவுள்ள ஒரு தனி நாளைக் கொடுத்துப் பார்த்தேன். 1.5-இலிருந்து 24 சதவீதத்துக்குத்தான் ஏறியது. அதே போல் மறுநாளும் வந்தால் 79. எவ்வளவு நிதானம்!

இனித்தான் மேடைக்குப் பின்னால் உள்ள உண்மையான ரகசியம். இந்த முறையைப் பற்றிய அழகான வரைபடங்களில், சரிவு தொடங்கும் முன்பே கோடு மேலே எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி என்று நெடுநாள் புரியாமல் இருந்தது. அந்தக் கோடு பின்னால் வந்த விலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து திருத்தப்பட்டது. 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு நம் விடை 1.8 சதவீதம் அல்லவா? திங்களின் சரிவைத் தெரிந்துகொண்டு அதே வெள்ளியைத் திருத்தினால் சுமார் 63 சதவீதம்! 20-ஆம் தேதிகூட 32 ஆகிவிடுகிறது. வரலாற்றைப் படிக்க அந்தத் திருத்தம் அருமையானது. ஆனால் அதை வைத்து, 50 என்ற ஒரே கோட்டோடு லாபம் கணக்கிட்டால், வெள்ளி மாலையே விற்றுவிட்டதாக ஏடு சொல்லும், நிஜத்தில் யாராலும் முடியாததை. உண்மையில் திங்கள் சந்தை முடிந்த பிறகுதான் தெரியும், செவ்வாய்தான் விற்க முடியும். 3.35 சதவீத அடி விழுந்த பிறகு! 0.7, 2.2 என்ற எண்களையும் அன்று வரையிலான விலைகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும். யாராவது வரைபடம் காட்டினால், அந்த வெள்ளிக்கிழமையின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், போதும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. `r` வர்க்கமாகத்தான் உள்ளே போகிறது, அதனால் ஏறுமா இறங்குமா என்று இந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது. 2020 மார்ச் 16-ஆம் தேதி குறியீடு 11.98 சதவீதம் விழுந்தது, 24-ஆம் தேதி 9.38 சதவீதம் ஏறியது. இரண்டு நாளும் கொந்தளிப்பு நடைமுறைதான், இரண்டு நாளும் 32 பங்குதான். 100 பங்கின் மதிப்பில் சொன்னால் முதல் நாள் நட்டம் 3.8 சதவீதத்தோடு நின்றிருக்கும், இரண்டாம் நாள் லாபமும் 3 சதவீதத்தோடு நின்றிருக்கும்.