மாறி மாறி வரும் வயிற்றுக்கோளாறு

தோட்டப்புறங்களில் வயிற்றுநோய் என்றவுடன் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று பேதி, மற்றொன்று மலச்சிக்கல். பேதிக்கு ஒரு மருந்தும் சிக்கலுக்கு ஒரு மருந்தும் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் சில நாள் ஆட்டுப் புழுக்கை போல் இறுகியும், சில நாள் கூழ்போல் இளகியும், இவ்விரண்டும் ஒருவருக்கே மாறி மாறி வருமாயின் என்ன செய்வது? அடிவயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி எழுந்து, மலம் கழிந்தவுடன் அது தணிவதும் உண்டு. இவ்வாறு மாதக்கணக்கில் நீடிக்கும் கோளாற்றுக்கு மருத்துவர்கள் இட்டுள்ள பெயர் 'இரிட்டபிள் பவல்'. நாம் இதனைக் கூச்சமுற்ற குடல் என்று வழங்கலாம். குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் வாழும் வாசகர்கள், இந்நோய் இருக்கலாம் என்று மருத்துவர் எவ்வாறு ஐயுறுகிறார் என்பதை அறிந்துகொள்வது பயன்தரும்.

முதலில் குடலின் வேலையைப் பார்ப்போம். நாம் உண்டது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடையும்போது நீர்த்த கூழாகவே இருக்கிறது. பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு, சுருங்கி விரிந்து, சிறிது சிறிதாக முன்னே தள்ளுகிறது. மெதுவாகத் தள்ளினால் நீர் மிகுதியாக உறிஞ்சப்பட்டு மலம் இறுகும். விரைந்து தள்ளினால் உறிஞ்ச நேரமின்றி இளகும். கூச்சமுற்ற குடலில் இந்தத் தாளம் தவறுகிறது. அதனுடன் குடலின் நரம்புகளும் அளவுக்கு மீறிய உணர்ச்சி கொள்கின்றன. 1973ஆம் ஆண்டில் ரிச்சி என்னும் ஆங்கில மருத்துவர், இத்தகையோரின் பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்றூதிப் பார்த்தார். பிறர் வலியின்றித் தாங்கிய அளவு காற்றே இவர்களுள் பலருக்கு வலியைத் தந்தது. ஆகவே, 'எல்லாம் மனப்பிரமை' என்று எவரேனும் கூறினால் அது தவறு. வலி உண்மையானது, எனினும் குடலை அறுத்துப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தென்படுவதில்லை.

புண்ணும் கட்டியும் இல்லாத நோயை எதைக்கொண்டு கண்டறிவது? நோயாளி கூறும் வரலாறே இதற்கு முதற்சான்று. 1978ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்தில் மேனிங் என்பவரும் அவர்தம் தோழர்களும் வயிற்றுநோயாளிகளிடம் கேள்விகள் கேட்டு ஆராய்ந்தனர். மலம் கழித்ததும் வலி தணிதல், வலி தொடங்கும்போது மலம் இளகுதல், அப்போதே அடிக்கடி மலம் போதல், வயிறு கண்ணுக்குத் தெரியும்படி உப்புதல் ஆகியவை இந்நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்பட்டன. ஆயினும் உண்மையான குடற்புண் உடையவர்களிலும் சிலருக்கு இக்குறிகள் இருந்தன. எனவேதான் 'ஐயுறுதல்' என்னும் சொல்லைக் கையாள்கிறோம்.

இன்று மருத்துவர்கள் பின்பற்றுவது 2016இல் வகுக்கப்பட்ட ரோம் நெறியாகும். கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளேனும் வயிற்றுவலி இருந்திருக்க வேண்டும். அவ்வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருத்தல், மலம் போகும் தடவை மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டேனும் அதனோடு சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நான்கு நாள் வயிற்றுப்போக்கை இந்நோய் என்று கருதலாகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பால்மரம் வெட்டும் முப்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவருக்கு எட்டு மாதமாகத் தொல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் தம் பிள்ளையின் பழைய பள்ளிக் குறிப்பேட்டில் பதினான்கு நாள் எழுதி வைக்கிறார். முதல் மூன்று நாள் மலமில்லை. மூன்றாம் நாள் வலி. நான்காம் நாள் புழுக்கையாக இருமுறை, ஐந்தாம் நாள் கெட்டியாக ஒருமுறை. ஆறாம் நாள் விடியலில், பெரட்டுக்குப் புறப்படுமுன் வயிறு முறுக்கி, மூன்று முறை இளகிப் போகிறது. ஏழிலும் எட்டிலும் இயல்பாக ஒவ்வொரு முறை. ஒன்பது, பத்து இரண்டும் வெறுநாள்கள். பதினொன்றில் கெட்டி, பன்னிரண்டில் இல்லை, பதின்மூன்றில் இருமுறை இளக்கம், பதினான்கில் இயல்பு.

கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தம் பன்னிரண்டு தடவை. அவற்றுள் இறுகியவை நான்கு, இளகியவை ஐந்து, இயல்பானவை மூன்று. இறுகியதும் இளகியதும் தனித்தனியே நாலில் ஒரு பங்கைக் கடந்துவிட்டமையால் இது கலப்பு வகை எனப்படும். வலி கண்ட நாள்கள் 3, 4, 6, 11, 13 ஆகிய ஐந்து. அவற்றுள் நான்கு நாளில் மலம் கழிந்தபின் வலி தணிந்தது. மூன்று மாதமும் இவ்வாறே இருந்ததென அவர் கூறுவாராயின் நெறி பொருந்துகிறது. இக்கணக்கு எடுக்கும் நாள்களில் பேதி மருந்தோ, போக்கை நிறுத்தும் மருந்தோ உட்கொண்டிருக்கக் கூடாது. உட்கொண்டால் நாம் குடலின் இயல்பையன்றி மருந்தின் வேலையையே எழுதியவர்களாவோம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றைச் 'சுத்தம் செய்ய' விளக்கெண்ணெயோ நிலாவாரையோ குடிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கழுவித் துடைத்த குடல் மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மலம் வாராதிருப்பதைச் சிக்கலென்று எண்ணி மறுபடியும் பேதிக்கு உண்பவர், மாறிமாறி வரும் கோளாற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். காலையில் நிரையில் நிற்கும்போது, மறைவிடம் இல்லாமையால் மலத்தை அடக்கிக்கொள்வதும் இறுக்கத்தை வளர்க்கும்.

இந்நோய் ஏன் வருகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. சிலருக்குக் கடும் வயிற்றுப்போக்கு நோய் ஒன்று வந்து தீர்ந்தபின் இது தொடங்குகிறது. நம் நாட்டிலேயே, 2014ஆம் ஆண்டு இறுதியில் கிளந்தானில் நேர்ந்த பெருவெள்ளத்திற்குப் பின்னர், வெள்ளத்தில் அகப்பட்ட மக்களிடம் இத்தகைய வயிற்றுவலி நீடித்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதியுள்ளனர். 2006ஆம் ஆண்டு இறுதியிலும் 2023ஆம் ஆண்டு மார்ச்சிலும் வெள்ளம் கண்ட ஜொகூர் மக்களுக்கு இச்செய்தி புதிராக இராது.

இனி, ஐயத்தை வேறு பக்கம் திருப்பும் அறிகுறிகளைக் கவனியுங்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல், காய்ச்சல், இரத்தச்சோகை, தூக்கத்தைக் கலைத்து நள்ளிரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, நெருங்கிய இரத்த உறவினருக்குக் குடற்புற்று இருந்தமை, ஐம்பதை நெருங்கியபின் முதன்முறையாகத் தொல்லை தொடங்குதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் கூச்சமுற்ற குடல் என்று முடிவுகட்டலாகாது. மருத்துவர் உடனே ஆராய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை உண்போர்க்கு மலம் கறுப்பது இயல்பு. மாத்திரை உண்ணாதவர்க்குத் தார்போல் கறுத்தால் அது இரத்தமாக இருக்கலாம்.

மேற்சொன்ன பெண்மணிக்கு இவற்றுள் எதுவும் இல்லை எனலாம். அப்போதும் சுகாதார நிலையத்தில் இரத்தமும் மலமும் சோதிக்கப்படும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிச் சோகையைத் தருவது. ஜியார்டியா, அமீபா முதலிய நுண்ணுயிர்கள் விட்டுவிட்டு வயிறு இளகச் செய்வன. வெறுங்காலுடன் நடமாடுவதும் கொதிக்காத நீரைப் பருகுவதும் உள்ள இடங்களில் இவற்றை விலக்காமல் மேலே செல்லக் கூடாது. பால் சேர்த்த தேநீருக்குப் பின் மட்டும் வயிறு பொருமி இளகுமாயின், இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். தேவைப்படின் குளுவாங்கிலுள்ள என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு நோயாளி அனுப்பப்படுவார்.

சோதனைகளில் குறையொன்றும் காணப்படாவிடில், ஐயம் உறுதியாகி மருத்துவம் தொடங்கும். இசப்கோல் உமியைச் சிறிதளவில் தொடங்கி, நிறைய நீருடன் பருகச் சொல்வார்கள். அது இறுகியதை இளக்கும், நீர்த்ததைத் திரட்டும். நீர் குறைந்தால் அதுவே தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். முறுக்கு வலிக்குக் குடல் தசையைத் தளர்த்தும் மாத்திரை தனியே உண்டு. வெங்காயம், பூண்டு, பயறு, பலாப்பழம் ஆகியவை சிலருக்கு வாயுவை மிகுவிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்காது, ஒன்றொன்றாக நிறுத்தி, அந்தக் குறிப்பேட்டிலேயே எழுதி வந்தால், தமக்கு ஒவ்வாதது எதுவென்று இரண்டு மூன்று வாரங்களில் புலப்படும். மருத்துவரைக் காணச் செல்லும் நாளில் அக்குறிப்பேட்டையும், அதுவரை உண்ட மருந்துகளின் உறைகளையும், நாட்டு மருந்தாயினும் மறையாது, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.