மாதவிடாய் தள்ளிப்போன அந்த இரண்டு வாரம்

கர்ப்பத்தில் காய்ச்சல் வந்தால், அது எத்தனை டிகிரி என்பதோடு அது எந்த வாரத்தில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். காரணம் புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

28 நாளுக்கு ஒருமுறை சரியாக மாதவிடாய் வரும் ஒரு பெண்ணுக்கு, கடைசியாக ஜூன் 1 அன்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 15 வாக்கில் கரு உருவாகிறது. 29ஆம் தேதி வர வேண்டிய மாதவிடாய் வரவில்லை. "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இருந்துவிடுகிறார். ஜூலை முதல் வாரத்தில், கருவின் முதுகுப்பக்கம் தட்டையாக இருக்கும் ஒரு தகடு, வெற்றிலையைச் சுருட்டுவதுபோல இரு ஓரமும் எழுந்து சேர்ந்து குழாயாகிறது. பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது இந்த நரம்புக்குழாய்தான். ஜூலை 13 வாக்கில் அதன் இரு முனைகளும் மூடிவிடுகின்றன. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. பல பெண்கள் அதற்குள் பரிசோதனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்த நாட்களில் உடல் சூடு மிகுந்தால், வேகமாகப் பிரிந்து பெருகும் செல்கள் பாதிக்கப்படலாம். கினிப் பன்றிகளில் இதை ஆராய்ந்தவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி மார்ஷல் எட்வர்ட்ஸ். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் ஆரம்ப வாரங்களின் கடும் காய்ச்சலுக்கும் வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் அமர்வதற்கும் நரம்புக்குழாய்க் குறைகளோடு தொடர்பு தெரிந்தது. குழாய் கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்திருக்கும். மேற்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுமையடையாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தக் குறைகளுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகத் தெரிந்தது. இருமடங்கு என்றதும் பதற வேண்டாம். இயல்பில் ஆயிரத்தில் இரண்டு என்றால் அது நான்காகிறது. மீதி 996 குழந்தைகளுக்கு இந்தக் குறை இருக்காது. ஒருமுறை காய்ச்சல் வந்ததற்காகக் கருவைக் கலைக்க வேண்டுமா என்று கேட்டு வரும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும்.

சரி, எப்போது மருத்துவரிடம் போவது? வாயில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் காட்டினால், எந்த மாதமானாலும் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். 102.2ஐ, அதாவது 39 செல்சியஸைத் தொட்டாலோ, மாத்திரை போட்டும் இறங்காவிட்டாலோ, இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அக்குளில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு ஃபாரன்ஹீட் குறைவாகவே காட்டும், அங்கே 99.5 வந்தாலே வாயிலும் பார்த்துவிடுவது நல்லது. சூடாக டீயோ கஞ்சியோ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். தொட்டுப் பார்த்து "லேசா சுடுது" என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எண் குறைவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. குளிர் நடுக்கத்தோடு இடுப்பின் பின்புறம் வலித்து, சிறுநீர் எரிந்தால், தொற்று சிறுநீரகம்வரை போயிருக்கலாம். மூச்சு வாங்குவது, ரத்தக்கசிவு, பனிக்குட நீர் கசிவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவையும் அப்படியே. மழைக்காலத்தில் டெங்கு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை சூட்டைக் குறைக்கப் பாராசிட்டமால் போதும். 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி. கர்ப்பத்தில் மாத்திரையே கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஆனால் முதல் வாரங்களில் அந்தச் சூட்டை அப்படியே விடுவதுதான் எனக்குக் கவலை. அதேசமயம் கடையில் "காய்ச்சலுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். பாராசிட்டமாலோடு இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் சேர்ந்த மாத்திரை கைக்கு வந்துவிடலாம். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக் கூடும். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால், இரண்டையும் போட்டால் அளவு கூடிவிடும்.

வேர்க்கட்டும் என்று கம்பளியால் போர்த்துவது சூட்டை உள்ளேயே அடைக்கும். மெல்லிய பருத்தி உடை, மின்விசிறி, கஞ்சியோ இளநீரோ அடிக்கடி குடிப்பது, வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைப்பது ஆகியவை போதும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு உருவாவதற்கு ஒரு மாதம் முன்பே, தினமும் 400 மைக்ரோகிராம் என்ற அளவில் தொடங்குவது நரம்புக்குழாய்க் குறைகளைப் பெரிதும் தடுக்கும். ஜூலை 13க்குப் பிறகு தொடங்கினால் அந்தக் காப்பு கிடைக்காது. ஆரம்பத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் தேதியையும் தெர்மாமீட்டர் காட்டிய எண்ணையும் கர்ப்பகால அட்டையிலேயே எழுதிவையுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனின்போது அதைக் காட்டினால், மருத்துவர் குழந்தையின் முதுகெலும்பையும் தலையையும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.