பாலம் எண் 452-இல் நீர் ஏறியபோது

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவே புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. சென்னையில் பெருமழை ஓய்ந்திருந்தது. எழும்பூரிலிருந்து தெற்கே போக டிக்கெட் வைத்திருந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கிளம்பியிருந்தால் தவறு சொல்ல முடியாது. ஆனால் அன்று காலை, எழும்பூருக்குத் தெற்கே ஏறக்குறைய 150 கி.மீ. தள்ளி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் உள்ள 452-ஆம் எண் பாலத்தில் வெள்ளம் அபாய மட்டத்தைத் தாண்டியிருந்தது. பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அந்த ஒரு பாலத்தினால் சில ரயில்கள் ரத்தாயின, சில காட்பாடி வழியாகத் திருப்பி விடப்பட்டன, சில விழுப்புரத்தோடு நின்றன.

மழை விட்ட பிறகு பாலம் ஏன் மூடப்பட வேண்டும்? புயல் கரையேறியபின் உள்நாட்டில் நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் பெய்தது சுமார் 50 செ.மீ. அவ்வளவு நீரும் உடனே ஆற்றுக்கு வந்துவிடாது. வயல்களில் தேங்கி, ஏரிகளை நிரப்பி, கலங்கல் வழிந்து, ஓடை ஓடையாகச் சேர்ந்து பாலத்தை எட்டப் பல மணி நேரம் ஆகும். அதனால் ரயில் பாலத்துக்கு ஆபத்து வருவது பல சமயம் வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில்தான். நம் தெருவில் மழை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து ரயிலைக் கணிக்க முடியாது.

வெள்ளத்தைக் கண்காணிக்க வேண்டிய பாலங்களில் தூணிலோ கரைச்சுவரிலோ அபாய மட்டம் வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் அங்கே காவலர் நிற்பார். ரோந்துப் பணியாளர்கள் தண்டவாளத்தோடு நடப்பார்கள். நீர் அந்தக் கோட்டைத் தொடும்போது தண்டவாளம் இன்னும் நன்றாக மேலேதான் இருக்கும். பார்க்கிறவருக்கு, ரயில் தாராளமாகப் போகலாமே என்று தோன்றும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஓடும் நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பி, தூணின் அடியைச் சுற்றிச் சுழன்று மணலை வாரிக்கொண்டு போகும். கடற்கரையில் அலை திரும்பும்போது குதிகாலுக்கடியில் மணல் கரைகிறதே, அதுதான் இங்கே மிகப் பெரிய அளவில் நடக்கிறது. அரிப்பு எவ்வளவு ஆழம் என்று வெள்ளம் ஓடும்போது அளப்பது மிகக் கடினம். வெள்ளம் வடியும்போதோ புதிய மணல் வந்து குழியை மூடிவிடும். மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பாலத்தின் இரு முனையிலும் உள்ள மண்கரையும் இப்படித்தான் கரைந்து, தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்க விடும்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் பெரிய துயரம் உண்டு. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றைம்பது பேரளவில் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை முன்கூட்டியே மூடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பயணிக்கு வேண்டியது, மூடியபின் தன் ரயிலுக்கு என்ன ஆனது என்ற தெளிவு. அதுதான் சிக்கலான இடம்.

பாலம் மூடியதும் கட்டுப்பாட்டு அறை ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. டிசம்பர் 2-இல் மதுரைப் பக்கமிருந்து விழுப்புரத்தை நெருங்கும் ஒரு ரயிலை நினைத்துக்கொள்வோம். முதல் வழி, விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றிச் சென்னைக்குக் கொண்டு வருவது. நேர்ப்பாதையில் விழுப்புரம் எழும்பூருக்குச் சுமார் 160 கி.மீ.; காட்பாடி சுற்றினால் ஏறக்குறைய 290 கி.மீ. விழுப்புரம் முதல் காட்பாடி வரை ஒற்றைப் பாதை என்பதால், எதிரே ரயில் வந்தால் ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். எனவே மாற்றுப் பாதை எல்லா ரயிலையும் தாங்காது. எந்த ரயிலைத் திருப்புவது, எதை நிறுத்துவது என்று தேர்ந்தே ஆகவேண்டும்.

ஆனால் இப்படிச் சுற்றி வரும் ரயில் திண்டிவனத்தையும் மேல்மருவத்தூரையும் தொடாது. ரத்துப் பட்டியலில் அதன் பெயர் இருக்காது. சென்னைக்கு வந்தும் சேரும். திண்டிவனத்து நடைமேடையில் காத்திருப்பவருக்கு மட்டும் அந்த ரயில் இல்லை. “ரயில் ஓடுதா?” என்று கேட்டு “ஓடுது” என்று பதில் பெற்றவர்கள் ஏமாறுவது இங்கேதான். கேட்க வேண்டிய கேள்வி, நாம் ஏறும் நிலையத்துக்கும் இறங்கும் நிலையத்துக்கும் அது வருகிறதா என்பது.

இரண்டாவது வழி, ரயிலை விழுப்புரத்தோடு முடித்துவிடுவது. செய்தித்தாளில் இதைப் ‘பகுதி ரத்து’ என்று போடுவார்கள். இதற்கு மறுபாதி ஒன்று உண்டு. விழுப்புரத்தில் நின்றுவிட்ட அதே பெட்டிகள்தான் பெரும்பாலும் எழும்பூரிலிருந்து வேறொரு ரயிலாகக் கிளம்பவேண்டியவை. அவை வரவில்லை என்றால் அந்த ரயில் ரத்தாகும், அல்லது விழுப்புரத்திலிருந்தே புறப்படும். அப்போது எழும்பூரில் ஏற வேண்டியவருக்கு ரயில் இல்லை, விழுப்புரத்தில் ஏறுபவருக்கு உண்டு.

மூன்றாவது வழியான நேரமாற்றமும் இந்தப் பெட்டிக் கணக்கில்தான் முளைக்கிறது. இரவில் ஒரு முனையில் கிளம்பி விடியற்காலையில் மறுமுனை சேரும் ரயில், பகலில் பராமரிப்புத் தடத்துக்குப் போகும். பிரேக், சக்கரம், கழிவறை, தண்ணீர் எல்லாம் பார்க்கச் சில மணி நேரம் தேவை. பிறகு அதே பெட்டித்தொடர் மாலையிலோ இரவிலோ திரும்புகிறது. காட்பாடி சுற்றி ஆறேழு மணி நேரம் தாமதமாக வந்தால் அந்தப் பராமரிப்பும் தள்ளிப்போகும். மாலை ரயில் நள்ளிரவு ரயிலாகும். இந்த மாற்றம் முறைப்படி அறிவிக்கப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே, வந்துகொண்டிருக்கும் ரயிலைப் பார்த்து நாமே ஊகித்துவிடலாம். இணை ரயில்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். எழும்பூரிலிருந்து மதுரை போகும் பாண்டியன் 12637, திரும்பி வருவது 12638.

இனி, வீட்டிலிருந்தே பார்க்கும் முறை. ரயில்வேயின் சொந்தத் தகவல் தளம் enquiry.indianrail.gov.in/ntes; கைபேசியில் NTES என்ற செயலி. இணையம் இல்லையென்றால் 139-ஐ அழைக்கலாம். ரயில் எண்ணைக் கொடுத்ததும் தேதி கேட்கும். அது ரயில் தன் முதல் நிலையத்தில் கிளம்பும் தேதி. நாம் ஏறும் தேதி அல்ல. பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் இரவு கிளம்பி, நள்ளிரவு தாண்டித் திருச்சிக்கு வருகிறது. 3-ஆம் தேதி அதிகாலை திருச்சியில் ஏறுபவர் 2-ஆம் தேதி கிளம்பிய ரயிலைத் தேட வேண்டும். 3 என்று போட்டால் இன்னும் கிளம்பாத அடுத்த நாள் ரயிலின் நிலவரம் வந்து நிற்கும். மழைநாளில் முந்தைய நாள் ரயிலே இன்னும் வழியில் இருக்கலாம். ஒரே எண்ணில் இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் தடத்தில் இருக்கும். ரயில்வே வெளியிடும் அறிவிப்புகளிலும் ரயிலுக்கு எதிரே இருக்கும் தேதி பெரும்பாலும் கிளம்பும் நாள்தான்.

சரியான தேதியைத் தேர்ந்ததும் கடைசி நிலையத்தின் நேரத்துக்குத் தாவிவிடாமல், நிலையங்களின் வரிசையை மேலிருந்து கீழாகப் படிக்கவும். நம் ஊர் அதில் இருக்கிறதா, அதற்கு எதிரே வழக்கமான நேரம் உள்ளதா, ரத்து என்றோ மாற்றுப் பாதை என்றோ குறிப்பு உள்ளதா என்று பார்க்கவும். ரத்தான ரயில்களின் பட்டியலைத் திறந்தால், முழு ரத்தோடு பகுதி ரத்தையும் சேர்த்துப் பார்க்கவும்.

தளம் காட்டும் ‘எதிர்பார்க்கும் நேரம்’ ஒரு கணிப்பு. ரயில் இப்போது எவ்வளவு தாமதமோ அதை வைத்து முன்னால் உள்ள நிலையங்களுக்குக் கணக்கிடுகிறது. பாலம் எப்போது திறக்கும் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆகவே ரயில் கடைசியாகக் கடந்த நிலையம் எது, எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். நிலையம் மாறாமல், வரும் நேரம் மட்டும் தள்ளிக்கொண்டே போனால் ரயில் எங்கோ நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அப்படி நிற்கும் ரயில் சற்று நேரத்தில் திருப்பி விடப்படலாம், அங்கேயே முடிக்கவும் படலாம். இந்த நிலையில் வீட்டைவிட்டுக் கிளம்பாமல் 139-இல் கேட்பது நல்லது. வழக்கமான பாதையை மனத்தில் வைத்து இடத்தை ஊகிக்கும் தனியார் செயலிகளை அன்று ஒருநாள் ஒதுக்கி வையுங்கள். ரயில் பாதை மாறியதும் அவை தடுமாறிவிடும்.

குறுஞ்செய்தி வரும் என்று காத்திருப்பவர்கள் டிக்கெட்டில் யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முகவரிடம் எடுத்த டிக்கெட்டில் அவருடைய எண் இருந்தால் செய்தி அவருக்குத்தான் போகும்.

பணத்தைப் பொறுத்தவரை, ரயில் முழுமையாக ரத்தானால் இணையவழி டிக்கெட்டின் தொகை தானாகத் திரும்பும். கவுன்டர் டிக்கெட்டை நேரில் கொடுத்து வாங்க வேண்டும். மாற்றுப் பாதை காரணமாகப் போக விரும்பாவிட்டால், இணையவழி டிக்கெட்டுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் TDR பதிவு செய்யவேண்டும். நம் நிலையத்தில் ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரம் அவகாசம் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று பயணத்தைக் கைவிட்டால் மட்டும் விதி கடுமையானது: நம் நிலையத்திலிருந்து ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்பே TDR பதிவாகியிருக்க வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் பணம் போய்விடும்.

பாலம் திறந்துவிட்டது என்ற செய்தி வந்த பிறகும் இதையெல்லாம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பொறியாளர்கள் தூணையும் கரையையும் சோதித்தபின் முதல் ரயில்களை மிகக் குறைந்த வேகத்தில்தான் விடுவார்கள்; வேகம் படிப்படியாக உயரும். முந்தைய நாள் விழுப்புரத்தில் முடிந்த ரயிலின் பெட்டிகள் இன்னும் அங்கே இருக்கலாம். தண்டவாளம் சரியாகி, வானமும் தெளிந்த நாளில் எழும்பூரிலிருந்து ஒரு ரயில் ரத்தாகிறது என்றால், பல சமயம் அதற்கான பெட்டிகள் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.