நரகத்தின் வாயிற்காவலன்

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தில் மன்னர் டங்கன் கொல்லப்பட்டவுடன் கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. திறக்க வரும் குடிகாரக் காவலன், தன்னை நரகத்தின் வாயிற்காவலனாகக் கற்பித்துக்கொண்டு வேடிக்கை பேசுகிறான். சில சொற்கள் தவிர இக்காட்சி ஷேக்ஸ்பியருடையதே அன்று என்றார் கோல்ரிட்ஜ். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காவலன் முதலில் வரவேற்பவன், விலையேற்றத்தை எதிர்பார்த்துத் தானியத்தைப் பதுக்கி, விளைச்சல் பெருகும் என்றறிந்ததும் தூக்கிட்டுக்கொண்ட விவசாயி. பொருளியல் கற்பித்த எனக்கு இது பேராசையின் கணக்குப் பொய்த்த கதை. மெக்பெத்துக்கும் அதுவே நேரவிருக்கிறது.

நாம் சிரிக்கும்போதும் கதவு தட்டும் ஓசை நிற்பதில்லை. உள்ளே பிணம் கிடப்பதை நாம் அறிவோம், காவலன் அறியான். ஆகவே அவன் நீட்டும் ஒவ்வொரு வேடிக்கையும் நம் பதற்றத்தையே நீட்டுகிறது. கதவு திறந்ததும் நுழையும் மெக்டஃப்தான் பிணத்தை முதலில் காண்கிறான். இறுதியில் மெக்பெத்தைக் கொல்பவனும் அவனே.