சிங்கப்பூரின் ஒரு நாள்: வெக்கை, கடற்காற்று, பிற்பகல் மழை

பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கில் இருக்கும் சிங்கப்பூரில் கோடை, குளிர் என்ற பிரிவு கிடையாது. பெரும்பாலான மாதங்களில் பகல் வெப்பம் 31 முதல் 33 டிகிரி வரை ஏறும். இரவில் 24 டிகிரியை ஒட்டி இறங்கும். வானிலையின் பெரிய மாற்றமெல்லாம் ஒரே நாளுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் வெளிவேலை, உடற்பயிற்சி, துணி உலர்த்துவது, சன்னல் திறப்பது என எல்லாவற்றையும் மணிக்கணக்கில்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது.

அந்த மணிக்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூர்க் கடிகாரம் 1982 முதல் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தீவு அமைந்துள்ள இடத்தைக் கொண்டு பார்த்தால் சூரியக் கணக்கு ஏறக்குறைய 7 மணி நேரம்தான். ஆகவே அங்கே சூரியன் ஏழு மணி வாக்கில் எழுந்து, ஒரு மணி வாக்கில் உச்சிக்கு வந்து, மீண்டும் ஏழு மணி வாக்கில் மறைகிறது. சென்னையின் காலை ஒன்பது மணி வெயில் சிங்கப்பூரில் பத்து மணிக்குத்தான் வரும். வெயில் தணிவதற்கும் அதே அளவு தாமதம் ஆகும்.

ஏப்ரல் மாதத்து நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு வெப்பம் 25 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு. பகல் ஒரு மணிக்கு வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. எண்களை மட்டும் பார்த்தால் காலைக் காற்றைவிடப் பகல் காற்று வெகுவாக உலர்ந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் இரு வேளையிலும் ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள நீராவி ஏறத்தாழ 20 கிராம்தான். காற்று சூடாகும்போது அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு கூடுகிறது. அதனால் விழுக்காடு குறைகிறது. இருக்கும் நீராவி குறைவதில்லை.

உடம்பு வெப்பத்தை முக்கியமாக இரண்டு வழிகளில் வெளியேற்றுகிறது. ஒன்று, வியர்வை ஆவியாவது. இதைத் தீர்மானிப்பது தோலை ஒட்டிய ஈரத்துக்கும் காற்றிலுள்ள நீராவிக்கும் இடையிலான வேறுபாடு. நீராவியின் அளவு மாறாததால் இந்த வழி காலையிலும் பகலிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இயங்கும். மற்றொன்று, தோலிலிருந்து காற்றுக்கு நேரடியாகப் போகும் வெப்பம். தோல் 35 டிகிரி என்றால் காலையில் காற்றைவிட அது பத்து டிகிரி சூடாக இருக்கிறது. பகலில் மூன்று டிகிரிதான். இந்த இரண்டாம் வழி பகலில் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. அதோடு நேர் வெயிலும் உடம்பில் இறங்குகிறது. ஆகவே ஈரப்பதம் 90 என்று காட்டுகிற காலை வேளையே ஓடுவதற்கும் பாரம் தூக்குவதற்கும் ஏற்றது. ஈரத்துணிக்கோ கணக்கு நேர்மாறானது. காற்றின் ஈரப்பத விழுக்காடு குறைந்து, வெயிலும் காற்றும் சேரும் முற்பகல் பத்து முதல் ஒரு மணி வரைதான் அது விரைவாக உலரும்.

முற்பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. தரைக்கு மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இதுவே கடற்காற்று. முதலில் கரையோரத்திலும், பிறகு மெல்ல உள்பகுதியிலும் அது உணரப்படும். அது வெப்பத்தை ஓரிரு டிகிரி குறைக்கலாம். ஆனால் கடலின் ஈரத்தையும் சுமந்து வருவதால் வறண்ட காற்று அல்ல. அதன் பெரிய பயன் அசைவுதான். தோலை ஒட்டித் தேங்கிய ஈரக்காற்றை அது விலக்கிவிடுவதால் வியர்வை ஆவியாகிறது. எதிரெதிரான இரண்டு சன்னல்களைத் திறந்தால் காற்று வீட்டின் ஊடே ஓடும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் அவ்வளவு பயன் இருக்காது.

பிற்பகல் மழையை உருவாக்குவதில் இதே கடற்காற்றுக்கும் பங்கு உண்டு. வெவ்வேறு கரைகளிலிருந்து வரும் காற்றுகள் தீவின் மீது சந்திக்கும் இடத்தில், போக வழியில்லாமல் மேலே எழுகின்றன. அங்கே மேகம் பல கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து இடிமழையாகக் கொட்டுகிறது. பெரும்பாலும் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே தொடங்கி ஒரு மணி நேரம் வாக்கில் ஓயும். ஒரு வட்டாரத்தில் கொட்டும்போது இன்னொரு வட்டாரத்தில் வெயில் அடிக்கும். மேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளர்வது, அடிப்பகுதி கறுப்பது, திடீரென்று குளிர்ந்த காற்று வீசுவது ஆகியவை முன்னறிகுறிகள். குளிர்காற்று பட்டுவிட்டால் துணியை எடுக்கச் சில நிமிடங்கள்தான் இருக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் திடலையும் நீச்சல் குளத்தையும் விட்டு உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

மழை ஓய்ந்ததும் வெப்பம் 25 டிகிரிக்கு அருகே இறங்கியிருக்கும். சன்னல்களைத் திறந்துவிட அது நல்ல நேரம். வெயில் திரும்பிவிட்டால் நனைந்த தரையிலிருந்து நீராவி எழுந்து புழுக்கம் கூடும். அப்போது ஆறு மணிக்குப் பிறகு வெளியே போவது மேல். உலராத துணியை மூடிய அறையில் தொங்கவிட்டால் அலமாரியிலும் சுவரிலும் பூஞ்சணம் பிடிக்கும். மின்விசிறி ஓடும், காற்றோட்டமுள்ள இடமே அதற்கு ஏற்றது. இரவில் கட்டடங்கள் பகல் சூட்டை மெதுவாகவே விடுவதால், நகரின் நெருக்கமான பகுதிகள் மரங்கள் அடர்ந்த பகுதிகளைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும்.

வேலையை நினைத்த நேரத்துக்கு மாற்ற முடியாதவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர் பணியாற்றும் கட்டுமானத் துறையில் பகல் வெயிலைத் தவிர்க்க இயலாது. அவர்களுக்கு ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்ற அளவு பயன்படுகிறது. ஈரப்பதம், வெயில், காற்றோட்டம், வெப்பம் ஆகிய நான்கின் விளைவும் அதில் அடங்கும். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்த நெறிகளின்படி, இந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிடமாவது நிழலில் ஓய்வு தர வேண்டும். 33 டிகிரியைத் தொட்டால் 15 நிமிடம். மணிக்கு 300 மில்லிலிட்டராவது தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை உடனே வேலையை நிறுத்துவதற்கான அறிகுறிகள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடம்பைக் குளிர்விக்கத் தொடங்கிவிட்டு மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு ஆண்டு முழுவதும் பொருந்தாது. பருவக்காற்று தளர்ந்து கடற்காற்று ஓங்கும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இது தெளிவாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது மழை நாள்கணக்கில் நீடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்றும் மழையும் விடியலுக்கு முன்போ காலையிலோ தாக்கும். அன்று காலை நடையைத் தள்ளிவைத்துப் பிற்பகலைப் பயன்படுத்தலாம். எனவே வழக்கமான அட்டவணையை வைத்துக்கொண்டாலும், வெளியே கிளம்புமுன் வானிலை ஆய்வகத்தின் இரண்டு மணி நேர முன்னறிவிப்பையும் மழை ரேடார் படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.