எட்டுப் பக்க மேசைக்கு எத்தனை டிகிரி?

படத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள் 45 டிகிரியை யோசித்து வெட்டுவதில்லை; கை தானாகப் போய்விடும். அதே கை எட்டுப் பக்க மேசைப் பலகைக்கு வரும்போது தயங்கி நிற்கும். மூலைக்கு என்ன கோணம் என்று பட்டறையில் கேட்டால் ஒருவர் 135 என்பார், இன்னொருவர் 67.5 என்பார், மூன்றாமவர் 22.5 என்பார். மூன்றும் சரிதான். ஆனால் மைட்டர் ரம்பத்தில் வைக்க வேண்டியது 22.5 மட்டுமே.

மேசையின் ஓரத்தை ஒட்டியே ஒரு சுற்று நடந்து வந்தால் மொத்தம் 360 டிகிரி திரும்பியிருப்போம். எட்டு மூலை என்றால் மூலைக்கு 45 டிகிரி திருப்பம். அந்தத் திருப்பத்தை மூலையில் சேரும் இரண்டு பட்டைகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் 22.5. சுருக்கமாக, 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். நாலு பக்கத்துக்கு 45, ஆறுக்கு 30. எல்லா மூலையும் ஒரே கோணம் என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

மற்ற இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன? மேசையின் உள்மூலையை அளந்தால் 135. அதில் பாதி 67.5, இது பட்டையின் கூர்முனையில் இருக்கும் கோணம். மைட்டர் ரம்பமோ நேர்வெட்டையே பூஜ்யமாக வைத்து எண்ணுகிறது. அதனால் 90-இலிருந்து 67.5-ஐக் கழித்த மீதிதான் அதன் முள்ளில் தெரியும். படச்சட்டத்தில் இந்தக் குழப்பம் வராததற்குக் காரணம், 90-இல் 45 போனாலும் மீதி 45 என்பதே.

இனி நீளம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 90 செ.மீ. உள்ள மேசை, சுற்றிலும் 10 செ.மீ. அகலத்தில் தேக்குப் பட்டை, நடுவில் பிளைவுட் என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் வெளிநீளம் 90 × tan 22.5, அதாவது 90 × 0.4142 = 37.28 செ.மீ. உள்நீளத்துக்கு 90-இலிருந்து இருபுறமும் பத்துப் பத்தாகக் கழித்து 70-ஐப் பெருக்க வேண்டும்: 29 செ.மீ. கால்குலேட்டரில் tan 22.5 அடித்து 0.558 வந்தால் அது ரேடியனில் நிற்கிறது. டிகிரிக்கு மாற்றிவிட்டு மீண்டும் அடியுங்கள். எட்டுப் பட்டையும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளமாக வர, டேப்பை நம்பாமல் ரம்பத்தின் வேலியில் ஒரு தடுப்புக்கட்டையைப் பொருத்தி, அதில் முட்டவைத்து வெட்டுவதே வழி.

கணக்கு இத்தோடு முடிந்தது. தொல்லை இனிமேல்தான். எட்டுப் பட்டைக்குப் பதினாறு வெட்டு. ரம்பம் கால் டிகிரி தவறினால் பதினாறு கால், ஆக மொத்தம் 4 டிகிரி. ஏழு இணைப்புகளையும் இறுக்கிச் சேர்த்தால், கடைசி இணைப்பு 10 செ.மீ. அகலத்தில் ஒரு முனை ஒட்டி, மறுமுனை 7 மி.மீ. பிளந்து நிற்கும். கால் டிகிரியைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஆகவே நல்ல மரத்தில் கை வைக்கும் முன் கழிவுக் கட்டையில் எட்டுச் சிறு துண்டுகள் வெட்டி, பசையில்லாமல் வளையமாக அடுக்கி, பெல்ட்டால் இறுக்கிப் பார்க்க வேண்டும். இணைப்புகள் வெளிப்பக்கம் வாய் திறந்தால் கோணம் போதவில்லை, கொஞ்சம் கூட்டலாம். உள்பக்கம் திறந்தால் கூடிவிட்டது, குறைக்கலாம். வெளியா உள்ளா என்று மறந்துபோனால், சாய்வே இல்லாமல் நேராக வெட்டிய கட்டைகளை வளையமாக அடுக்குவதாக நினைத்துப் பாருங்கள்: உள்முனைகள் முட்டும், வெளியே பிளக்கும்.

அப்படியும் மயிரிழை மிஞ்சும். அனுபவசாலிகள் எட்டையும் ஒரே மூச்சில் ஒட்டமாட்டார்கள். நாலு நாலாக இரண்டு அரைவளையம் ஒட்டிக் காயவிடுவார்கள். அரைவளையத்தின் இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, ஒளி தெரியும் இடத்துக்கு ஏற்ப இழைப்புளியால் சீவினால், சேர்ந்திருந்த பிழை முழுதும் அந்த இரண்டு இணைப்பிலேயே தீர்ந்துவிடும். அளவில் ஒரு மில்லிமீட்டர் குறையலாம். அதை யார் பார்க்கப் போகிறார்கள்? நடு பிளைவுட்டை மட்டும் முன்கூட்டியே வெட்டாமல், வளையம் முழுமையான பிறகு அதன் உள்ளளவைப் பார்த்து வெட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சில மாதம் கழித்து இணைப்பு விலகுவதுண்டு. மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது. அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். கோடையில் பட்டையின் அகலம் குறைந்தால் சாய்வெட்டின் கோணமே மாறி, இணைப்பு உள்பக்கம் பிளக்கும். மழைக்காலத்தில் ஊறிப் பெருத்தால் வெளிப்பக்கம் பிளக்கும். இரண்டு மூன்று செ.மீ. படச்சட்டத்தில் இது கண்ணில் படாது, 10 செ.மீ. பட்டையில் படும். நன்கு உலர்ந்த மரம் கிடைக்காவிட்டால் பட்டையை 6 செ.மீ.யாகக் குறைத்துக்கொள்ளலாம். கோணம் அதே 22.5, வெளிநீளமும் அதே 37.28, உள்நீளம் மட்டும் 32.3 செ.மீ. ஆகும்.